நீலக் கோரில் எர்த் பழுது: 191 மீட்டர் கேபிளில் ஓட்டையைத் தேடிய கதை

எங்கள் குடியிருப்பு வளாகத்தில் மூன்றாம் பிளாக்குக்குப் போகும் மண்ணடி கேபிள் ஒருவழியாகச் சரியாகி, முழு லோடும் எடுத்துக்கொண்டிருக்கிறது. கையில் குறிப்புகள் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இன்சுலேஷனின் ஓமை அளக்கும் மெக்கர் வைத்து, கேபிளுக்குள் எந்தக் கம்பி, அதாவது எந்தக் கோர், பழுது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாக்குத் தள்ளிவிட்டது. இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் வேறு யாருக்காவது இது உதவும்.

கேபிள் 1.1 கிலோவோல்ட் தரம், மூன்று ஃபேஸ் கோரும் ஏறக்குறைய பாதி அளவில் ஒரு நியூட்ரல் கோரும் சேர்ந்த மூன்றரைக் கோர், 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷன், மேலே இரும்புக் கம்பி ஆர்மர். மெயின் பேனலிலிருந்து பிளாக் வாசலில் இருக்கும் விநியோகப் பெட்டியான ஃபீடர் பில்லர் வரை போகிறது. நடுவில் ஒரு பழைய ஜாயின்ட் உண்டு. வரைபடத்தில் நீளம் 178 மீட்டர் என்று போட்டிருந்தது. அந்த எண்ணை நம்பலாமா என்பது பிறகு பெரிய கேள்வியாகிவிட்டது.

தொந்தரவு ஆரம்பித்தது மழையோடு. எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்க வைக்கும் எர்த் லீக்கேஜ் ரிலே, பேனலில் 300 மில்லிஆம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறது. மழை பெய்தால் சில மணி நேரத்தில் டிரிப் ஆகும். ரீசெட் பண்ணினால் கொஞ்ச நேரம் நிற்கும், வெயில் அடித்தால் பல நாள் ஒன்றும் ஆகாது. கடைசியாக ஒரு பெருமழைக்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் நிற்கவே இல்லை. பக்கத்து பிளாக்கிலிருந்து தற்காலிகக் கேபிள் இழுத்து, லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வீட்டு விளக்குகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினோம்.

முதல் மெக்கர் ரீடிங் பார்த்ததும் எல்லாருக்கும் பகீரென்றது. நான்கு கோரும் எர்த்துக்கு பூஜ்யம். ஒட்டுமொத்தக் கேபிளும் போய்விட்டதா என்று நினைக்க வேண்டாம். இப்படி வந்தால் முதலில் மறுமுனையைப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபீடர் பில்லரில் நியூட்ரல் பட்டையை எர்த்தோடு இணைத்த லிங்க் அப்படியே இருந்தது. அதோடு மின்னல் பாதுகாப்புக் கருவியும், மீட்டர்களும், அவற்றின் வழியே வீட்டு லோடுகளும் கோர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. பிரேக்கரை ஆஃப் பண்ணினால் ஃபேஸ் மூன்றும்தான் பிரியும். நியூட்ரல் அப்படியேதான் இருக்கும். இரண்டு முனையிலும் லக்குகளைக் கழற்றி, கோர்களைக் காற்றில் விரித்து வைத்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்த பிறகுதான் கேபிளை மட்டும் அளக்கிறோம் என்று சொல்ல முடியும். பேனலில் பூட்டுப் போட்டு, மறுமுனையில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இதையெல்லாம் செய்தோம்.

அப்படிக் கழற்றிய பிறகு 500 வோல்ட்டில், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் வைத்து எடுத்த ரீடிங்: சிவப்பு கோர் ஆர்மருக்கு 900 மெகாஓம். மஞ்சள் 850. நியூட்ரல் 600. நீலம் 0.02. கோருக்குக் கோர் பார்த்தால் எல்லாமே நூற்றுக்கணக்கான மெகாஓம். ஆக, பழுது நீலக் கோருக்கும் ஆர்மருக்கும் நடுவில் மட்டும். ஒவ்வொரு ரீடிங்குக்குப் பிறகும் கோரை எர்த்தில் தொட்டு வைத்து டிஸ்சார்ஜ் பண்ண வேண்டும். நல்ல கோர் என்றால் சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கை வைத்தால் உதறிவிடும்.

இந்த இடத்தில் மெக்கரின் திரையில் ஓம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், வோல்டேஜையும் பார்ப்பது நல்லது. 500 வோல்ட் என்று நாம் தேர்ந்தெடுத்திருந்தாலும், நீலக் கோரில் வைத்தபோது முனையில் இருந்தது ஏறக்குறைய 30 வோல்ட்தான். கருவியால் ஒன்றரை மில்லிஆம்பியருக்கு மேல் தர முடியாது. 20 கிலோஓமில் அந்தக் கரன்ட் போனால் 30 வோல்ட்தான் நிற்கும். அதாவது பழுதான இடம் 500 வோல்ட்டைப் பார்க்கவே இல்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் இன்னொரு தடயம் கிடைத்தது. ஒருபக்கமாக வைத்தால் 18 கிலோஓம், லீடுகளை மாற்றி வைத்தால் 31. வோல்ட் ரேஞ்சில் வைத்தால், எந்த சப்ளையும் இல்லாத கேபிளில் சில நூறு மில்லிவோல்ட் காட்டியது. உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அலுமினியக் கோர் ஒரு தகடு, துத்தநாகம் பூசிய இரும்பு ஆர்மர் இன்னொரு தகடு, நடுவில் மண் உப்பு கரைந்த நீர். சின்ன பேட்டரி ஒன்று மண்ணுக்குள் உருவாகியிருந்தது. கார்பனாகிக் கருகிய பழுதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே ஓம் காட்டும், வோல்ட்டும் வராது.

சரி, எந்தக் கோர், என்ன மாதிரிப் பழுது என்பது தெரிந்துவிட்டது. எங்கே?

எல்லாருடைய கையும் பழைய ஜாயின்ட்டைத்தான் காட்டியது. மண்ணடி கேபிளில் தண்ணீர் புகுந்தது என்றால் ஜாயின்ட்டைச் சந்தேகிப்பது நியாயம்தான். வளாகத்தின் பராமரிப்பு ஆட்கள் பழுதின் தூரத்தைக் காட்டும் டி.டி.ஆர். கருவியை நான் கொண்டுவருவதற்கு முன்பே அந்தக் குழியைத் தோண்டி முடித்திருந்தார்கள். ஜாயின்ட்டின் வெளி உறையைச் சுற்றிலும் பார்த்த ஜாயின்டர் அண்ணன், "சார், இதுல பொட்டு ஈரம் இல்ல. யாரோ நல்லா வேலை தெரிஞ்சவங்க போட்டது. இதை வெட்ட விடாதீங்க" என்றார். அவர் சொல்லை மதித்து வெட்டாமல் நிறுத்தியது பெரிய லாபம். தோண்டிய குழி வேறு ஒரு வேலைக்குப் பயன்பட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டி.டி.ஆர். செய்வது இவ்வளவுதான்: கோருக்கும் ஆர்மருக்கும் இடையே மிகக் குறுகிய ஒரு பல்ஸை அனுப்பும். கேபிளின் குணம் எங்கே மாறுகிறதோ அங்கிருந்து பல்ஸின் ஒரு பகுதி திரும்பி வரும். போய்வந்த நேரத்தைப் பாதியாக்கி, கேபிளுக்குள் பல்ஸ் ஓடும் வேகத்தால் பெருக்கினால் தூரம். திறந்த முனை என்றால் கோடு மேலே எழும்பும், ஷார்ட் என்றால் கீழே விழும். ஜாயின்ட்டில் கோர்கள் சற்று விலகி நிற்பதால் சின்னதாக ஒரு மேடு வரும்.

பல்ஸ் அகலத்தை 40 நானோ விநாடியில் வைத்தேன். அது கேபிளுக்குள் ஏறக்குறைய ஆறரை மீட்டர் நீளமாக ஓடும். இன்னும் அகலமாக வைத்தால் ஆற்றல் கூடும், தூரக் கேபிளுக்கு நல்லது. ஆனால் இரண்டு விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றாகக் கலந்துவிடும். 200 மீட்டருக்குள் இருக்கும் வளாகக் கேபிளுக்குக் குறுகிய பல்ஸே போதும். சிவப்புக் கோரை முதலில் எடுத்தேன். தொடக்கத்தில் லீட் ஏற்படுத்தும் குழப்பம், நடுவே ஜாயின்ட்டின் மேடு, கடைசியில் திறந்த முனையின் உயரமான எழும்பல். அந்தக் கோட்டைச் சேமித்துவிட்டு நீலக் கோரை எடுத்து மேலே வைத்தேன்.

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நின்றன. பழுதே இல்லாத கேபிள் மாதிரி. நீலக் கோரிலும் ஜாயின்ட் மேடு அதே உயரத்தில், அதே இடத்தில். இதிலிருந்து ஜாயின்ட்மேல் இருந்த சந்தேகம் இன்னும் குறைந்தது. ஆனால் பழுதும் தெரியவில்லை.

டி.டி.ஆர். பற்றி விளம்பரத் தாள்களில் அழுத்திச் சொல்லாத விஷயம் இதுதான். ஓடும் பல்ஸுக்குக் கேபிள் காட்டும் தடையான சர்ஜ் இம்பீடன்ஸ், இந்த வகைக் கேபிளில் 40 ஓம் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே இருக்கும் பழுதிலிருந்து திரும்பும் பங்கு, 40-ஐ, 40-உடன் பழுதின் ஓமை இரண்டு மடங்காக்கிக் கூட்டி வருவதால் வகுத்தால் கிடைக்கும். பழுது 5 ஓம் என்றால் 80 சதவீதம் திரும்பும், குருடனுக்கும் தெரியும். 200 ஓம் என்றால் 9 சதவீதம், நல்ல கோரோடு ஒப்பிட்டால் தெரியும். எங்கள் 20 கிலோஓமில் திரும்புவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கேபிள் நெளிவு சுளிவுகள் தரும் சலசலப்புக்குள் அது மூழ்கிவிடும். மெக்கருக்கு 0.02 மெகாஓம் படுமோசமான பழுது. டி.டி.ஆருக்கு அது நல்ல கேபிள்.

இங்கே ஒரு யோசனை எப்போதும் வரும், எங்கள் குழியருகேயும் வந்தது: "மெக்கரை அப்படியே அழுத்திப் பிடிச்சுட்டே இருந்தா சூடாகி எரிஞ்சு ஷார்ட் ஆயிடாதா?" ஆகாது. 30 வோல்ட், ஒன்றரை மில்லிஆம்பியர் என்றால் 45 மில்லிவாட். அதில் ஒன்றும் எரியாது. பத்து நிமிடம் வைத்துப் பார்த்தோம். ரீடிங் மெல்ல ஏறி 0.3 மெகாஓம் வரை போனது. தண்ணீரில் கரன்ட் போகும்போது உலோகத்தின்மேல் வாயுக் குமிழும் படிவும் சேர்ந்து வழியை அடைப்பதால் இப்படி ஆகும். கொஞ்ச நேரம் விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இப்படி ஏறும் எண்ணைப் பார்த்துப் பழுது தானே சரியாகிறது என்று நினைத்து சப்ளை கொடுத்துவிடக் கூடாது.

இன்னொரு கணக்கும் எங்களை யோசிக்க வைத்தது. 230 வோல்ட்டை 20 கிலோஓமால் வகுத்தால் 11 மில்லிஆம்பியர் சொச்சம். ரிலே 300-இல் இருக்கிறது. பிறகு எப்படி டிரிப் ஆனது? ரிலேயைத் தனியாகச் சோதித்தோம், சரியாகவே வேலை செய்தது. அப்படியானால் சப்ளை இருக்கும்போது பழுதின் ஓம் 20 கிலோவாக இல்லை. வோல்டேஜ் ஏறியதும் அந்த இடத்தில் இன்சுலேஷன் உடைந்து பொறி தாவுகிறது, டிரிப் ஆனதும் பொறி அணைந்து மறுபடி ஈரம் மட்டும் மிஞ்சுகிறது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது தூங்கிக்கொண்டிருந்த பழுதை. டி.டி.ஆரின் பல்ஸ் சில பத்து வோல்ட்தான், அதை எழுப்பாது. எழுப்பிவிட்டு, எழுந்திருக்கும் அந்த நொடிக்குள் பல்ஸை அனுப்ப வேண்டும்.

அதற்கான ஏற்பாடு சர்ஜ் ஜெனரேட்டரும், அதோடு வரும் ஃபில்டரும். களத்தில் இதைத் தம்பர் என்பார்கள். பெரிய கெப்பாசிட்டரைச் சார்ஜ் பண்ணி ஒரே அடியாகக் கேபிளுக்குள் கொட்டும். பழுதில் பொறி தாவும்போது அந்த இடம் சில ஓம் மட்டுமே உள்ள ஷார்ட்டாகிவிடும், அதுவும் மில்லி விநாடிக் கணக்கில்தான். அந்த நேரத்துக்குள் டி.டி.ஆர். தன் பல்ஸை அனுப்பிக் கோட்டைப் பதிவு செய்யும். ஃபில்டர், தம்பரின் அடி டி.டி.ஆரைத் தாக்காமல் தடுக்கிறது. எங்களிடம் இந்தக் கருவி கிடையாது, ஆளோடு வாடகைக்கு எடுத்தோம்.

குறைந்த அழுத்தக் கேபிளில் தம்பரைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். இது உயர் அழுத்தக் கேபிளுக்கான அடிகளைத் தாங்காது. 1 கிலோவோல்ட்டில் ஆரம்பித்தோம். மற்ற மூன்று கோரையும் ஆர்மரோடு சேர்த்து எர்த் பண்ணி, யாரும் நெருங்காதபடி இரண்டு முனையைச் சுற்றியும் கயிறு கட்டி, பில்லர் பக்கம் ஒரு ஆளை நிறுத்தினோம். மற்ற கோர்களை எர்த் பண்ணினால் பல்ஸ் ஓடும் சூழலே மாறும், அதனால் ஒப்பிடுவதற்கான கோட்டையும் இதே இணைப்பில் புதிதாக எடுக்க வேண்டும். சிவப்புக் கோரைத் திறந்து வைத்து எடுத்த முந்தைய கோட்டை இதோடு ஒப்பிட்டால் பொய்யான வித்தியாசங்கள் தெரியும்.

முதல் சில அடிகளில் பொறி வரவில்லை. வோல்ட்மீட்டர் முள் மெதுவாக இறங்கியது, ஈரத்தின் வழியே சார்ஜ் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் தண்ணீரை ஆவியாக்கும் என்பதால் பொறுமையாகத் தொடர்ந்தோம், வோல்டேஜைச் சிறுசிறு படியாக ஏற்றினோம். 2 கிலோவோல்ட் நெருங்கும்போது முள் ஏறி, சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. அப்போது திரையில் இரண்டு கோடுகள். பொறி இல்லாமல் எடுத்தது நேராகப் போய் முனையில் எழும்புகிறது. பொறியோடு எடுத்தது பாதிக்கு மேல் அதனுடனேயே ஒட்டிப் போய், ஓரிடத்தில் பிரிந்து பள்ளமாக விழுகிறது. பள்ளத்தின் அடியில் கர்சரை வைக்கக் கூடாது, இரண்டு கோடும் பிரியத் தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும். அடியில் வைத்தால் சில மீட்டர் தள்ளிப்போய்விடும். எங்களுக்குப் பிரிந்த இடம் 1.61 மைக்ரோ விநாடி.

நேரம் கிடைத்துவிட்டது. அதைத் தூரமாக மாற்ற வேகம் வேண்டும். எக்ஸ்.எல்.பி.இ. கேபிளுக்குக் கருவியில் ஒரு பொது எண் இருக்கும், ஆனால் நிரப்புப் பொருள், கோர் அமைப்பு, ஈரம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும். நீளம் தெரிந்தால் வேகத்தை நாமே கணக்கிடலாம். முனையிலிருந்து பல்ஸ் திரும்பிய நேரம் 2.36 மைக்ரோ விநாடி. வரைபடத்தின் 178 மீட்டரை வைத்தால் வேகம் மைக்ரோ விநாடிக்கு 151 மீட்டர். அந்த வேகத்தில் பழுது 121 மீட்டர் சொச்சத்தில் வரும்.

ஆனால் 178 என்பது தரையில் அளந்த பாதையின் நீளம். பேனலுக்குள் ஏறும் பகுதி, இரண்டு முனையிலும் சுற்றி விட்டிருக்கும் உபரி, ஜாயின்ட்டில் விட்ட வளைவு எதுவும் அதில் இல்லை. கேபிளின் உண்மை நீளத்தை அதன் உறையே சொல்லும். மீட்டருக்கு ஒரு எண் என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். நடுவில் ஜாயின்ட் இருந்தால் இரண்டும் வெவ்வேறு துண்டு, எண் வரிசை அங்கே அறுந்துவிடும். தோண்டிய ஜாயின்ட் குழி உதவியது இங்கேதான். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண்கள் தெரிந்தன. பேனலில் 412, ஜாயின்ட்டின் பேனல் பக்கம் 474. ஜாயின்ட்டின் மறுபக்கம் 1130, பில்லரில் 1259. முதல் துண்டு 62, இரண்டாவது 129, மொத்தம் 191 மீட்டர். வரைபடத்தை விட 13 மீட்டர் அதிகம்.

191-ஐ வைத்தால் வேகம் மைக்ரோ விநாடிக்கு 162 மீட்டர். இது சரிதானா என்று பார்க்க இன்னொரு வழியும் இருந்தது. ஜாயின்ட் 62 மீட்டரில் இருக்கிறது என்றால் அதன் மேடு 0.77 மைக்ரோ விநாடி அருகே வர வேண்டும். வந்திருந்தது. இந்த வேகத்தில் பழுது பேனலிலிருந்து 130 மீட்டரில்.

இதோடு நிற்காமல் கருவிகளைப் பில்லர் பக்கம் தூக்கிப் போய் அங்கிருந்தும் அதே சோதனையைச் செய்தோம். 0.75 மைக்ரோ விநாடி. இரண்டு நேரத்தையும் கூட்டினால் 2.36, முழுக் கேபிளின் நேரம். இப்படிக் கூட்டல் பொருந்தினால் இரண்டு பக்கமும் ஒரே பழுதைத்தான் பார்க்கிறோம் என்று உறுதி. வேகமே தெரியாவிட்டாலும் 1.61-ஐ 2.36-ஆல் வகுத்து, 191-ஆல் பெருக்கினால் அதே 130 வந்துவிடும். இரண்டு முனைக்கும் போக முடிகிற கேபிளில் இந்த வழியை நான் விடவே மாட்டேன்.

ஜாயின்ட்டிலிருந்து கணக்கிட்டால் இரண்டாவது துண்டில் 68 மீட்டர். அதாவது உறையில் 1198 என்ற எண் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இப்படி எண்ணாகவே குறித்து வைத்துக்கொண்டது நல்லது, தோண்டிய பிறகு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

தரையில் அந்த இடத்தைக் குறிக்க, கேபிளில் சிக்னல் ஏற்றி ரூட் டிரேசரால் பாதையைச் சுண்ணாம்பால் வரைந்து, ஜாயின்ட் குழியிலிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டினோம். 67 மீட்டர் வந்த இடத்தில் கார்கள் போகும் பாதை குறுக்கிட்டது. அங்கே கேபிள் ஓர் இரும்புக் குழாய்க்குள் நுழைந்து ஏழு மீட்டர் தள்ளி வெளியே வருகிறது. மறுபடி தம்பரை அடிக்க விட்டு, தரை மைக்கை வைத்துக் கேட்டோம். சத்தம் பாதையின் இரண்டு ஓரத்திலும் வந்தது. குழாய் சத்தத்தைக் கடத்தி மறுவாயில் விடும் என்பதால் காதை மட்டும் நம்ப முடியாது. அந்தக் கருவியில் காந்த பல்ஸ் வந்ததற்கும் சத்தம் வந்ததற்கும் இடையிலான நேரமும் தெரியும். பேனல் பக்கத்து வாயில் அது மிகக் குறைவாக இருந்தது, மறுவாயை நோக்கி நகர நகரக் கூடிக்கொண்டே போனது. டி.டி.ஆரின் 130-உம் பேனல் பக்கத்து வாயைத்தான் காட்டியது. அடிகளைக் குறைவாகவே வைத்துக்கொண்டு தம்பரை நிறுத்தி, கேபிளை எர்த் பண்ணிவிட்டுத் தோண்டச் சொன்னேன்.

பேவர் பிளாக்குகளைப் பெயர்த்து, முக்கால் மீட்டர் ஆழத்தில் குழாயின் வாய் தெரிந்தது. வெட்டிய விளிம்பு அப்படியே கூராக இருந்தது, கேபிளை விளிம்பிலிருந்து காக்கும் புஷ் எதுவும் போடவில்லை. வாய்க்கு வெளியே மண் அமுங்கியிருந்ததால் கேபிள் கீழே தொய்ந்து, அந்த விளிம்பின்மேல் முழுப் பாரத்தோடு உட்கார்ந்திருந்தது. வெளி உறையில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. ஆர்மர் கம்பிகளில் சில துருவாகி உதிர்ந்திருந்தன. உள் உறையைப் பிரித்தால் நீலக் கோரின்மேல் நகக்கண் அளவு ஓட்டை, சுற்றிலும் கருப்பு வளையம், அதற்குள்ளிருந்து ஈரமான வெள்ளைப் பொடி பிதுங்கிக்கொண்டிருந்தது. அலுமினியம் தண்ணீரில் அரித்தால் இப்படித்தான் வெள்ளையாகப் பூத்து, இன்சுலேஷனை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கும். பக்கத்தில் உறையைத் துடைத்துப் பார்த்த அண்ணன் சிரித்துக்கொண்டே "ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது சார்" என்றார்.

பழுதை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டிவிடலாம் என்றால் தண்ணீர் விடவில்லை. ஓட்டை வழியே புகுந்த நீர் கோரின் இழைகளுக்கு நடுவே நடந்து போயிருக்கும். வெட்டிய பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மெக்கரில் பார்த்தோம். பேனல் பக்கம் நன்றாக இருந்தது. பில்லர் பக்கம் நீலக் கோர் 4 மெகாஓமில் நின்றது. வெட்டுமுகத்தில் இழைகள் மங்கலாக, நடுவில் ஈரக் கசிவோடு இருந்தன. இன்னும் 40 சென்டிமீட்டர் வெட்டினோம். இப்போது இழைகள் பளிச்சென்று உலர்ந்திருந்தன, ரீடிங்கும் 700-ஐத் தாண்டியது. ஈரமான இழையின்மேல் ஜாயின்ட் போட்டால் அந்த ஜாயின்ட்டே அடுத்த பழுது.

இழுத்து நேராக இணைக்கும் அளவுக்கு அந்த இடத்தில் உபரி இல்லாததால் அதே அளவுக் கேபிளில் மூன்று மீட்டர் துண்டு வைத்து, இரண்டு ஹீட் ஷ்ரிங்க் ஜாயின்ட் போட்டோம். குழாய்க்குள் ஜாயின்ட் வரக் கூடாது, ஆக பில்லர் பக்கக் கேபிளைக் குழாயிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து இடம் பண்ண வேண்டியிருந்தது. இழைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஆக்ஸைடு தடுக்கும் பசை தடவிய இணைப்புக் குழலான ஃபெரூலை உடனே மாட்டிக் கிரிம்ப் பண்ணினார் அண்ணன். கோர்களின் ஃபெரூல்கள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் மாறி மாறி வெட்டியிருந்தார். ஆர்மர் தொடர்ச்சிக்குச் செம்புப் பின்னல், இரண்டு பக்கமும் கிளாம்ப். அது விட்டுப்போனால் அடுத்த எர்த் பழுதில் கரன்ட் திரும்ப நல்ல வழி இருக்காது, அதனால் ஆர்மரை முனையிலிருந்து முனைவரை மல்டிமீட்டரில் தனியாகச் சரிபார்த்தேன்.

கடைசி மெக்கர், இப்போது 1000 வோல்ட்டில்: நான்கு கோரும் ஆர்மருக்கு 600 மெகாஓமுக்கு மேல். ஃபேஸ் வரிசையைச் சரிபார்த்து சப்ளை கொடுத்தோம். குழாய் வாயில் ரப்பர் புஷ் வைத்து அடைத்து, தொய்வு வந்த இடத்தில் மணலை இடித்து நிரப்பி, மேலே செங்கல் அடுக்கி, எச்சரிக்கை நாடா விரித்து மூடினோம்.

இனி வேறு மாதிரிச் செய்யப்போவது சில. தம்பரை வாடகைக்கு எடுக்கும் முடிவை முன்பே எடுத்திருப்பேன். மல்டிமீட்டர் இரண்டு திசையில் இரண்டு ஓம் காட்டி, எண் கிலோஓமில் இருந்தால், வெறும் டி.டி.ஆருக்கு அங்கே வேலை இல்லை. மெக்கரோடு மல்டிமீட்டரையும் முதல் மணி நேரத்திலேயே வைப்பது இதற்காகத்தான். கேபிளுக்கு வழியில் கிளைகள் இருந்தால் இந்த வழியும் சிக்கலாகும், ஒவ்வொரு கிளையும் தன் எதிரொலியைச் சேர்க்கும், முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் தெருவிளக்குக் கேபிள்கள் அப்படித்தான் இருக்கின்றன.

நல்ல நிலையில் இருக்கும் மற்ற பிளாக் கேபிள்களுக்கு நான்கு கோரின் டி.டி.ஆர். கோடுகளையும் இப்போதே எடுத்துச் சேமித்துவிட்டேன். முனைகளில் இருக்கும் உறை எண்களைப் பேனல் கதவின் உட்புறம் பெயின்டால் எழுதியாயிற்று. மூன்றாம் பிளாக் கேபிளுக்கு புது ஜாயின்ட் இரண்டின் இடமும், துண்டுகளின் எண்களும் அதில் இருக்கின்றன. அந்த இரும்புக் குழாய் வழியாக நான்காம் பிளாக்கின் கேபிளும் போகிறது. மறுவாயை இன்னும் திறந்து பார்க்கவில்லை. மழைக்காலம் வருவதற்குள் அந்தப் பக்கமும் தோண்டி, இரண்டு கேபிளுக்கும் புஷ் மாட்ட வேண்டும்.